கேபிள் முதலில், பாஸ்வேர்டு கடைசியில்

கனடாக்காரனுடைய கம்ப்யூட்டரை ராஜராஜனின் வலது கை பூட்டிவிட்டது என்ற செய்தி முத்துப்பேட்டையில் கிளம்பி மன்னார்குடி போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிடும். வம்பு மட்டும் எந்த மதகிலும் நிற்காமல் வந்துவிடுகிறது.

ராஜராஜனின் கை சாதாரணக் கை இல்லை. சுற்றுவட்டாரத்தில் யார் நாற்றங்காலுக்கு விதை விட்டாலும் முதல் கைப்பிடி அவன் கையால் விழ வேண்டும். போர் போட்டால் மோட்டார் சுவிட்சை அவன்தான் தட்டணும். புதுக்கடை திறந்தால் முதல் வியாபாரம் அவனோடுதான். அவனும் இதற்காக ஒரு ரூபாய் கேட்டதில்லை. கூப்பிட்ட இடத்துக்குக் கை கழுவிக்கொண்டு போவான், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து இப்போது டீக்கடையில், "கனடாவையே பூட்டுன கையாச்சேப்பா" என்று ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சம்பா விதைப்பு நேரம் வேறு. இரண்டு வீட்டில் அவனைக் கூப்பிடாமலேயே விதை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவன் சாப்பிடவில்லை.

ராஜராஜனுக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பளம்தான் சம்பந்தம். முத்துப்பேட்டைக்கு வடக்கே மன்னார்குடி ரோட்டில் செல்லதுரை ஐயாவின் ரைஸ் மில் இருக்கிறது. கீழே நெல் அரைக்கும்; மாடியில், அவர் மகன் பெங்களூரிலிருந்து ஒரு தடவை வந்து போட்ட யோசனையின்படி, கனடாவுக்கு ராத்திரி வேலை நடக்கும். கனடாவில் ஒரு மீன் குளிர்கிடங்குக் கம்பெனி. அவர்களுக்குப் பகல், நமக்கு ராத்திரி. இங்கே உட்கார்ந்தபடி அவர்களுடைய சர்வருக்குள் லாகின் செய்து, எந்த அறையில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று பார்த்து, எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏற வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். ராஜராஜனுக்கும் அந்த மாடியில்தான் வேலை. மாடிக்கு அந்த ஒரு கிளையண்ட்தான். அது போனால் மாடியில் மறுபடியும் தவிட்டு மூட்டை அடுக்க வேண்டியதுதான்.

பூட்டிய கதை இதுதான். போன மாதம் ஒருநாள் ஜெயபாரதி என்ற பெண் வழக்கம்போல லாகின் செய்தாள். போகவில்லை. இன்னொரு முறை தட்டினாள். அதுவும் போகவில்லை. இந்த இடத்தில் உலகத்தில் வேறு எந்த ஆபீஸாக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. இந்த ஆபீஸில் எல்லோரும் ஒரே குரலில், "ராஜராஜன் அண்ணனைக் கூப்பிடுங்க" என்றார்கள். அவன் கை கழுவி, ஈரத்தைத் துடைத்து, நாற்காலியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி உட்கார்ந்து, நிதானமாக மூன்று தடவை பாஸ்வேர்டைத் தட்டினான். அந்த சர்வரில் ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று கனடாவிலிருந்து வந்த மெயில் படிக்காமல் கிடந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அங்கே லாரிகள் மீனோடு நின்றன.

கனடாவில் இதற்கெல்லாம் பொறுப்பு டக் என்ற ஒரு மனிதர். அவர் வீடியோவில் வந்து கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. லாகின் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், நெட்வொர்க்கில் தொடங்கி அக்கவுண்டில் முடிய வேண்டும், அதன்படி மட்டும் நடக்க வேண்டும் என்றார். இன்னொரு தடவை உங்கள் கையால் கணக்கு பூட்டினால் அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது என்றும் சொன்னார். ராஜராஜன் தன் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

எழுதும் பொறுப்பு மாடியில் வேலை பார்த்த ஃபாஜில் தலையில் விழுந்தது. அவன் தோஹாவில் பதினோரு வருஷம் இதே வேலை பார்த்தவன். நெட் வரலை, பிரிண்டர் ஓடலை என்று யார் போன் செய்தாலும் எடுத்துப் பதில் சொல்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர். வந்த கையோடு திரும்பும் டிக்கெட். அவன் மகள் மர்யம் போனில் முத்தம் கொடுப்பாள், நேரில் பார்த்தால் அழுவாள். மற்றவர்கள் கேட்டால் அவனைப் 'போன் அத்தா' என்று சொல்வாளாம். அதைக் கேட்ட அன்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். இப்போதுதான், இந்த ஆறேழு மாதத்தில்தான், அந்தக் குழந்தை அவன் மடியில் தானாக ஏறி உட்கார்கிறது.

ஆனால் தோஹா அவனை விட்டபாடில்லை. பழைய மேனேஜர் வாரம் தவறாமல் போன் செய்தார். நாற்காலியைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள் சொல்லு என்றார். ஃபாஜில் 'பார்க்கிறேன் சார்' என்பான். அவனுக்கு அந்த வார்த்தையைத் தாண்டிப் பேச வராது. மில் மாடி இருக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாடியில் தவிட்டு மூட்டை ஏறினால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அந்த ஒரு பக்கத்தை அவன் ஏதோ ஆபீஸ் காகிதம் என்று எழுதவில்லை. மகளை விட்டுப் போகாமல் இருப்பதற்கான மனு மாதிரி எழுதினான்.

ஒரு சாயங்காலம் முதல் வரைவை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து கீழே மில்லுக்குப் போனான். செல்லதுரை ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போனால் எப்படிச் சுருங்குமோ அப்படி.

"தம்பி, டக் சாருக்குப் போன் பண்றதைக் கடைசில போட்டிருக்கீங்களே. கேபிளு முதல்ல, அவரு கடைசில. நல்லாவா இருக்கு?"

பட்டியல் டக்குக்கே போகிறது, அவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் அவர் கவலை. பெரியவர் பேர் மேலே, பிறகு சர்வர், அதன்பின் சின்னச் சின்ன சாமான்கள் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். கேபிளை 'மற்றும் உற்றார் உறவினர்' வரிசையில் சேர்த்துவிடலாம் என்றார். ஃபாஜிலுக்குச் சிரிப்பு வந்தது. கடைசி வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஐயா எங்கே போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டான். ஆற்றுத் தலைப்பில் தண்ணீர் வருகிறதா, வாய்க்கால் மதகு திறந்திருக்கிறதா, நடுவில் எவனாவது அடைத்திருக்கிறானா, அப்புறம்தானே நம் மடை? இதுவும் அதேதான், நம்மிடமிருந்து கிளம்பி அவர்கள் வாசல்வரைக்கும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைப் பற்றிப் பேச வேண்டும் என்று விளக்கினான்.

ஐயா யோசித்தார். "நாங்க முதல்ல பக்கத்து வயக்காரன்கிட்ட சண்டைக்குப் போவோம். அப்புறம்தான் மதகுக்குப் போறது" என்றார். உண்மையைச் சொன்னார், பாவம். ஆனாலும் வரிசை புரிந்துவிட்டது. டக்கின் பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் அடிக்கும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு மாடியில் பஞ்சாயத்து. ஃபாஜில் எழுதியிருந்த வரிசை நேரானது. முதலில் கரண்ட், கேபிள், கேபிள் சொருகிய நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் பச்சை விளக்கு. பிறகு ரவுட்டர் பதில் சொல்கிறதா, அதைத் தாண்டி இன்டர்நெட் வருகிறதா. பிறகு கனடாவுக்குத் தனிப்பாதை போடும் வி.பி.என் சேர்ந்திருக்கிறதா. சேர்ந்திருந்தால், சர்வரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா. பேருக்கு வராமல் சர்வரின் ஐ.பி எண்ணுக்கு வந்தால் கோளாறு பேரில். பிறகு லாகின் நுழைகிற வாசலான போர்ட் திறந்திருக்கிறதா. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அக்கவுண்டைத் தொடலாம். அங்கேயும் முதலில் கேப்ஸ் லாக்கையும் கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், பாஸ்வேர்டு மாற்றிய மெயில் உண்டா என்று தேட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு தடவை தட்டலாம். திரையில் வருகிற செய்தியை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடவை கிடையாது, கையை எடுத்துவிட்டு டக்கைக் கூப்பிட வேண்டும்.

ஜெயபாரதி ஒன்று கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிக் அடித்த நேரத்தை எழுத ஒரு கட்டம் வேண்டும் என்றாள். எது நடந்தாலும் முதல் பழி என்மேல்தான் விழுகிறது, நான் எப்போது எதைத் தொட்டேன் என்று காகிதத்தில் இருக்கட்டும் என்றாள். நியாயமான பயம். கட்டம் போட்டார்கள்.

இரண்டாவது தகராறு மில் மோட்டார். கீழே அரைவை மோட்டார் கிளம்பும்போது மாடியில் வோல்டேஜ் விழும். கம்ப்யூட்டர்கள் யு.பி.எஸ்ஸில் தப்பித்துவிடும். மூலையில் இருக்கிற ஸ்விட்ச் பெட்டி மட்டும் திகைத்து நின்றுவிடும், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால்தான் நினைவு வரும். 'அரைவை ஓடுகிறதா பார்' என்று ஃபாஜில் முதல் வரியில் புதிதாகச் சேர்த்ததைப் பார்த்து ஐயாவுக்குக் கோபம். நம் மில் மானம் கனடா வரைக்கும் போக வேண்டுமா என்றார். ஃபாஜில் அதை 'கட்டடத்தில் பெரிய மோட்டார் ஓடுகிறதா' என்று மாற்றினான். கட்டடம் என்றால் யாருடையது என்று யாருக்குத் தெரியும் என ஐயாவும் சமாதானமானார்.

பட்டியலில் தன் கைக்கு ஒரு வேலையும் இல்லை என்று ராஜராஜன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.  ஃபாஜிலுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மனிதனைக் கைராசி என்று ஊரே தூக்கி வைத்து, ஊரே தூக்கிப் போடுவது என்ன நியாயம்? முதல் வரியில், ஸ்விட்ச் பெட்டியின் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிச் சொருகுபவர் என்று அவன் பேரை எழுதினான். பாஸ்வேர்டுப் பக்கம் அந்தக் கை வரக் கூடாது, கேபிளைத் தாராளமாகத் தொடலாம்.

"கேபிளுன்னா சரி பாய்" என்றான் ராஜராஜன். "அதுல எண்ணிக்கை கிடையாதுல்ல?"

பக்கம் கனடாவுக்குப் போயிற்று. டக்கிடமிருந்து ஒரே சொல்லில் 'நல்லது' என்று பதில் வந்தது. ஐயா அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து, பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பட்டியலை அவ்வப்போது மறந்தாலும் அந்தச் சொல்லை யாரும் மறக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்டு தொடங்கி ஜெயபாரதி இணைப்பைத் திறந்தாள். சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வந்தது. அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஃபாஜில் பட்டியலையும் பேனாவையும் எடுத்தான்.  கீழே அன்றைக்கென்று அவசர அரைவை, தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தால் ஒரு விளக்கும் இல்லை. ராஜராஜன் கை கழுவப் போனான். நேரமாகிறது என்றால் கேட்கவில்லை, கழுவாமல் தொட்டுப் பழக்கமில்லை என்றான். திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். மின்னி மின்னி அணைந்தது. கீழே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பாதி அரைத்த நெல்லோடு நிறுத்த வைத்து, மறுபடியும் சொருகினார்கள். வரிசையாகப் பச்சை எரிந்தது. எட்டே முக்கால் என்று ஃபாஜில் கட்டத்தில் எழுதினான்.

மாடியே கை தட்டியது. ராஜராஜனின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. ரவுட்டர் பதில் சொன்னது, இன்டர்நெட் வந்தது, வி.பி.என் சேர்ந்தது, சர்வர் பேருக்குப் பதில் கொடுத்தது, போர்ட்டும் திறந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் டிக், ஒவ்வொன்றுக்கும் நேரம். கேப்ஸ் லாக் அணைந்திருந்தது, கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்தது, புது மெயில் எதுவும் இல்லை. ஜெயபாரதி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, ஒரே ஒரு தடவை பாஸ்வேர்டைத் தட்டினாள்.

பலமுறை தவறாக முயன்றதால் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று வந்தது.

 ஒருமுறைதான் தட்டினாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாத் தலையும் மெதுவாக ராஜராஜன் பக்கம் திரும்பியது. "நான் கேபிளைத்தானப்பா தொட்டேன்" என்றான் அவன், அழுதுவிடுவான் போல. கேபிளைத் தொட்டதற்கே கனடாவில் பூட்டிக்கொண்டது என்றால் அந்தக் கையின் சக்தி என்ன என்று சிலர் பயபக்தியோடு பார்த்தார்கள். மோட்டாரை நிறுத்திய கோபத்தில் மேலே ஏறி வந்த செல்லதுரை ஐயா விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பூசணிக்காய் வாங்கி வரச் சொல்லி ஸ்விட்ச் பெட்டிக்குச் சுற்றிப் போடலாமா என்றார். இவர்களோடு குப்பை கொட்டுவதற்குத் தோஹா தேவலையோ என்று ஃபாஜிலுக்கு ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி மர்யமின் முகம் ஞாபகம் வந்தது. முடிந்தது. இந்த மாதக் கடைசியில் விமானம்தான்.

பட்டியலில் கடைசி வரி, பெரிய எழுத்தில், டக். கூப்பிட்டான். ஸ்பீக்கரில் டக்கின் குரல் வந்தது. கணக்கு பூட்டியிருப்பதை அவரும் அப்போதுதான் திரையில் பார்த்தார். ஒப்பந்தத்தைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டார், அமைதியாக. ஃபாஜிலுக்கு வழக்கமான 'ஸாரி சார்' தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம் அது, தப்பு யாருடையதானாலும் முதலில் வருவது அதுதான். கண் கையிலிருந்த காகிதத்தில் விழுந்தது. வரிசையாக நேரம். முதல் வரியில் எட்டே முக்கால்.

அந்தக் கணக்கு எத்தனை மணிக்குப் பூட்டியது, தப்பான முயற்சிகள் எந்த மெஷினிலிருந்து வந்தன என்று உங்கள் சர்வரின் செக்யூரிட்டி பதிவில் இருக்கும், தயவுசெய்து பார்க்க முடியுமா என்று கேட்டான். எதற்கு என்றார் டக். எங்கள் நேரம் எட்டே முக்கால்வரைக்கும் எங்கள் கேபிளில் உயிரே இல்லை, இங்கிருந்து ஒரு எழுத்துகூட உங்களிடம் வந்திருக்க முடியாது என்றான் ஃபாஜில். 

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. நம் நேரப்படி எட்டேகாலுக்கே பூட்டியிருக்கிறது. முயற்சிகள் வந்த மெஷின் அவர்கள் கிடங்கிலேயே, லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற மேஜையில். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு டக் எழுந்து போனார். நாற்காலி உருளும் சத்தம், கதவு, தூரத்தில் யாரோ பேசுவது. 

திரும்பி வந்த டக்கின் குரல் வேறாக இருந்தது. சரக்குப் பட்டியல் வரத் தாமதமாகவே லாரிக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று மேஜைக்காரர்கள் இந்தியக் கணக்கில் நுழையப் பார்த்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு பேர் தட்டிப் பார்த்துப் போகவில்லை. பிறகு கணக்குப் பிரிவிலிருந்து மார்ஜ் என்கிற அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் அந்த அம்மா என்று ஃபாஜில் கேட்டான். டக் தொண்டையைச் செருமினார். அவர் தொட்டால் பிரிண்டர் ஓடும், காப்பி மெஷின் ஓடும், அவர் கை அப்படி என்று இங்கே ஒரு பேச்சு உண்டு என்றார்.

ஃபாஜில் இதைத் தமிழில் சொன்னபோது ராஜராஜன் நாற்காலியை விட்டு எழுந்தான்.  "அந்தம்மா எந்தக் கையால தட்டுச்சாம்? கேளுங்க பாய்" என்றான். இந்தச் சமயத்தில் கேட்கிற கேள்வியா என்று ஃபாஜில் பல்லைக் கடித்தான். விடமாட்டான் என்று தெரிந்ததால் கேட்டும் தொலைத்தான். டக் மறுபடியும் எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்தார். மார்ஜுக்கு வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால்தான் தட்டியிருக்கிறார்.

"அதான்" என்று சொல்லிவிட்டு ராஜராஜன் உட்கார்ந்தான். அவன் மானம் திரும்பிவிட்டது. அதற்குமேல் கனடா என்ன ஆனாலும் அவனுக்குக் கவலையில்லை.

டக் கணக்கின் பூட்டைத் திறந்தார். ஜெயபாரதி உள்ளே போனாள், சரக்குப் பட்டியல் போயிற்று, லாரிகள் நகர்ந்தன. ஒப்பந்தம் நிற்கும் என்று டக் தெளிவாகச் சொன்னார், ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபாஜிலும் நாற்காலியில் சாய்ந்தான். அப்போதுதான் டக் அந்த இடியைப் போட்டார். இந்தப் பட்டியல் உங்களைவிட எங்களுக்குத்தான் தேவைப்படுகிறது என்றார். என் ஆட்களுக்கு வரிசை என்றாலே என்னவென்று தெரியவில்லை. ஃபாஜில், நீ இங்கே வந்துவிடு, இரண்டு வருஷம் இரு, விசா, டிக்கெட், வீடு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நாளைக்கே காகிதம் அனுப்புகிறேன்.

விசா என்ற சொல் மட்டும் அந்த அறையில் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது. ஐயா எழுந்து வந்து ஃபாஜிலின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். ஃபாஜிலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் இருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கெஞ்சி எழுதிய பக்கம், அவனைத் தோஹாவைவிடத் தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. அதைவிட மோசமான எரிச்சலை அவன் அனுபவித்ததில்லை. 'பார்க்கிறேன் சார்' என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீடு கட்டுகிறோம், தங்கைக்குக் கல்யாணம் என்று பழைய சாக்குகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன.

"இல்ல சார். நான் வரலை" என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "என் மகளுக்கு இப்பத்தான் என்னை அடையாளம் தெரியுது."

 டக் சரி என்றார். அப்படியானால் அங்கேயே இரு, வியாழக்கிழமை வீடியோவில் வந்து இவர்களுக்குச் சொல்லிக்கொடு, மார்ஜையும் உட்கார வைக்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. ஃபாஜில் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இதைச் சொல்லிப் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மர்யம் பிறந்தபோது லீவு கிடையாது என்றார்கள், சரி என்றான். அவள் நடந்ததைப் போனில் பார்த்தான். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ஐயாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. கனடாவை யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா, வெளியில் சொன்னால் நம் மில்லுக்குத்தான் கெட்ட பேர் என்றார். தன் மச்சினன் மகன் ஒருவன் சும்மா இருக்கிறான், கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் குளிர் தாங்குவான், அவனை அனுப்பலாமா என்று டக்கிடம் கேட்கச் சொன்னார். கேட்கிறேன் என்று சொல்லாமல், கேட்கமாட்டேன் ஐயா என்றான் ஃபாஜில். இரண்டாவது தடவை இன்னும் சுலபமாக இருந்தது. அதே சூட்டோடு தோஹா மேனேஜருக்கு, 'நான் வரவில்லை, நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்' என்று செய்தி எழுதி அனுப்பினான்.

மொட்டைமாடிப் படிக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தான். மனைவி ஷமீரா உடனே எடுத்தாள். கனடா, மார்ஜ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தோஹாவுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன், இனி எங்கேயும் போகவில்லை என்று மட்டும் சொன்னான்.  லைன் துண்டித்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பெட்டியைக் காலி பண்ணிடவா மச்சான்?" என்று கேட்டாள்.

எந்தப் பெட்டி என்று அவன் கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து பீரோவுக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி. வந்த நாளிலிருந்து அவன் காலையில் அதிலிருந்துதான் சட்டை எடுக்கிறான். அவளும் துவைத்து மடித்துத் திரும்ப அதற்குள்தான் வைக்கிறாள். பீரோவில் ஒரு தட்டு அவனுக்கென்று காலியாகவே கிடந்தது. இத்தனை மாதத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சரி என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள், போனில் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது.